லெஸ் தேன்: குறைவைச் சொல்லும் சொல்லும் புரண்டுபோகும் கழித்தலும்

‘ஃபைவ் லெஸ் தேன் எ நம்பர்’ என்ற ஆங்கிலத் தொடரை இயற்கணிதக் கோவையாக எழுதுக. இயற்கணிதம் தொடங்கும் வகுப்புகளின் பயிற்சித்தாள்களில் இந்தக் கேள்வி ஏதாவது ஓர் உருவில் வந்துவிடும். விடை `x - 5`. ஆனால் தாளில் பல பிள்ளைகள் எழுதி வைப்பது `5 - x`. மும்பையின் தாராவியிலோ மாதுங்காவிலோ சயானிலோ தமிழ்ப் பிள்ளைகளுக்கு மாலை வேளையில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. ‘கவனமில்லை’ என்று சொல்லிச் சிவப்பு மையால் சுழித்துவிடுவது எளிது. என் பார்வையில் அந்தப் பிள்ளை அளவுக்கு மீறிய கவனத்தோடு இருக்கிறது. ஒவ்வொரு சொல்லையும் அது நின்ற வரிசையிலேயே தாளில் இறக்கிவைத்திருக்கிறது: ஃபைவ் என்பதற்கு 5, லெஸ் என்பதற்குக் கழித்தல் குறி, நம்பர் என்பதற்கு `x`. நடுவில் நிற்கும் ‘தேன்’ என்ற சிறிய சொல்லுக்குக் குறி ஏதும் கிடைக்காததால் அதை விட்டுவிட்டது. வினையெல்லாம் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

ஆங்கிலத்தில் ‘லெஸ்’ தனியாகவும் நிற்கும். கடை ரசீதில் ‘லெஸ் டிஸ்கவுண்ட்’ என்று போடுகிறார்களே, அங்கே அதன் பொருள் ‘கழிக்க’ என்பதுதான். ‘டென் லெஸ் த்ரீ’ என்றால் பத்திலிருந்து மூன்று போக மீதி. சொற்கள் வரும் வரிசையும் குறிகள் வரும் வரிசையும் ஒன்றே. அதனுடன் ‘தேன்’ சேர்ந்தால் லெஸ் ஒப்பீட்டுச் சொல்லாகிவிடுகிறது. எதனோடு ஒப்பிடுகிறோமோ அது பின்னால் வருகிறது, எவ்வளவு குறைவு என்பது முன்னால் வருகிறது. கழித்தலில் எதிலிருந்து கழிக்கிறோமோ அது முதலில் நிற்க வேண்டும் என்பதால் வரிசை புரள்கிறது. இவற்றின் நடுவே ‘இஸ்’ நுழைந்தால் அது கழித்தலே இல்லை, எது சிறியது என்ற கூற்று. மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம்:

ஃபைவ் லெஸ் எ நம்பர்: `5 - x`

ஃபைவ் லெஸ் தேன் எ நம்பர்: `x - 5`

ஃபைவ் இஸ் லெஸ் தேன் எ நம்பர்: `5 < x`

ஒரு சிறு சொல் கூடினாலும் குறைந்தாலும் கணக்கே வேறாகிவிடுகிறது. ஆங்கிலத்தை வீட்டில் பேசி வளராத பிள்ளையின் காதில் இந்த மூன்றும் ஒன்றுபோல ஒலிப்பதில் வியப்பில்லை.

இனி சொற்களின் பிறப்பு. ‘லெஸ்’ பழைய ஆங்கிலத்திலிருந்தே வரும் ஒப்பீட்டுச் சொல். ‘சிறிது’ என்பதன் ஒப்பீட்டு வடிவமாக வழங்குவது. ‘கேர்லெஸ்’ என்பதில் ஒட்டியிருக்கும் லெஸ் இதன் உறவு இல்லை. அது ‘அற்ற’ என்று பொருள்படும் வேறொரு வேரிலிருந்து வந்தது. ‘அன்லெஸ்’ என்பதோ உறவுதான், ‘இதற்குக் குறைந்த நிபந்தனையில்’ என்ற தொடர் இறுகிப் பிறந்தது. ‘தேன்’ என்பதும் ‘அப்போது’ எனப் பொருள்படும் ‘தென்’ என்பதும் ஒரு காலத்தில் ஒரே சொல்.

தமிழில் இந்த இடத்துக்கு உரிய சொற்கள் இரண்டு: குறை, கழி. குறை என்பது அளவு சுருங்குவது. கழி என்பது நீங்குவது, நீக்குவது. பாடநூல்கள் செயலுக்குக் ‘கழித்தல்’ என்றும் ஒப்பீட்டுக்குக் ‘குறைவு’ என்றும் பிரித்து வழங்குவது நல்ல பழக்கம். ஒப்பீட்டைக் காட்ட இன்று ‘விட’ என்கிறோம். விடு என்ற வினையின் எச்சம்தான் அது. பழைய நடையில் அதற்கு ஐந்தாம் வேற்றுமை உருபே போதுமானது. ‘காக்கையிற் கரிது களாம்பழம்’ என்பது இலக்கண வகுப்பில் எல்லோரும் கேட்ட எடுத்துக்காட்டு. அதே வேற்றுமைதான் ‘மலையின் வீழ் அருவி’ என்பதில் நீங்கலையும் காட்டுகிறது. நன்னூல் இந்த வேற்றுமைக்குத் தரும் பொருள்கள் நான்கு: நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது. ஒன்றோடு ஒப்பிட்டுக் குறைவு என்பதும் ஒன்றிலிருந்து நீக்குவதும் தமிழில் ஒரே வேற்றுமையின் கீழ் அடங்கியிருக்கின்றன. இயற்கணிதம் கேட்பதும் அதையேதான்: ‘எண்ணை விட ஐந்து குறைவு’ என்றாலும் ‘எண்ணிலிருந்து ஐந்து நீக்கு’ என்றாலும் `x - 5` என்ற ஒரே கோவை.

கோவை என்ற கலைச்சொல்லையும் இங்கேயே பார்த்துவிடலாம். கோத்தது கோவை. எண்ணையும் எழுத்தையும் குறிகளையும் கோத்து வைத்தது, அவ்வளவே. அதில் சமக்குறி இல்லை, ஆகவே அதற்குத் தீர்வு காண ஒன்றுமில்லை. `x - 5` என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் ‘ஆகவே `x = 5`’ என்று முடிக்கும் பிள்ளைகள் கோவையையும் சமன்பாட்டையும் ஒன்றென்று எண்ணுகிறார்கள்.

தமிழில் ஒப்பிடப்படும் எண் முதலில் வந்துவிடுகிறது: ‘ஓர் எண்ணை விட ஐந்து குறைவு’. சொன்ன வரிசையில் எழுதினாலே `x - 5` வந்துவிடும். ஆங்கிலத் தொடரை மனத்துக்குள் தமிழில் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதச் சொல்வது அதனால் பயனுள்ள வழி. ஆனால் இந்த வசதிக்குள்ளும் ஒரு பள்ளம் உண்டு. ‘ஓர் எண்ணை விட 5 குறைவு’ என்று எண்ணாக அச்சிட்டிருந்தால், ‘5 என்பது அந்த எண்ணை விடச் சிறியது’ என்றும் படிக்கலாம், அதாவது `5 < x`. தமிழ் வாக்கியத்துக்கு ‘இஸ்’ போன்ற ஒரு சொல் தேவைப்படாததால், ஆங்கிலத்தில் தனித்தனியாக நிற்கும் இரண்டு பொருள்கள் இங்கே ஒரே தொடருக்குள் குடியிருக்கின்றன.

மும்பைப் பிள்ளைகளுக்கு இதைத் தெளிவாக்கப் பக்கத்திலேயே ஒரு துணை இருக்கிறது. மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளியில் படித்தாலும் ஆங்கிலவழியில் படித்தாலும் மராத்தி அவர்கள் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. மராத்தியில் இதை ‘ஏகா ஸங்க்யேபேக்ஷா பாச்னே கமீ’ என்பார்கள். ‘பேக்ஷா’ நம்முடைய ‘விட’. பாச் என்பதோடு ஒட்டிய ‘னே’ நம்முடைய ‘ஆல்’ போன்றது: ‘ஐந்தால் குறைவு’. ஐந்து என்பது ஒப்பிடப்படும் பொருள் இல்லை, குறையும் அளவு என்று அந்த உருபு சொல்லிவிடுகிறது. அங்கே `5 < x` என்று படிக்க வழியே இல்லை. தமிழில் ‘ஐந்தால் குறைவு’ என்பது செயற்கையாக ஒலிப்பதால் அதை அப்படியே கொண்டுவர வேண்டாம். தாளில் அச்சிட நான் பரிந்துரைப்பது ‘ஓர் எண்ணை விட ஐந்து குறைவான எண்’ என்பதை. கடைசியில் ‘எண்’ என்று முடிவதால், கேட்பது ஒரு கூற்றை அல்ல, ஓர் எண்ணை என்பது உறுதியாகிறது.

பிழை வேரூன்றுவது இதற்கு முந்தைய பாடத்தில். பயிற்சித்தாளில் வழக்கமாக ‘ஃபைவ் மோர் தேன் எ நம்பர்’ முதலில் வரும். பிள்ளை சொல்வரிசையில் `5 + x` என்று எழுதும். கூட்டலில் இடம் மாறினாலும் மதிப்பு மாறாது என்பதால் ஆசிரியர் சரி போட்டுவிடுவார். சொல்வரிசைப்படி எழுதினால் மதிப்பெண் கிடைக்கும் என்று அந்தப் பிள்ளைக்குக் கற்பித்தது அந்தச் சரிக்குறிதான். கூட்டலிலேயே `x + 5` என்று எழுதவைத்து, ‘எதில் தொடங்குகிறோம்?’ என்று கேட்டுப் பழக்கியிருந்தால் கழித்தலில் பாதித் தொல்லை இராது.

சமன்பாட்டுக்கு வந்தால் பொறி இன்னும் நுட்பமாகிறது. ‘ஓர் எண்ணை விட ஐந்து குறைவான எண் 3’ என்ற கணக்கை எடுத்துக்கொள்வோம். சரியான சமன்பாடு `x - 5 = 3`, விடை 8. திருப்பிப் போட்ட பிள்ளை `5 - x = 3` என்று எழுதி 2 என்ற விடையைப் பெறும். இது முழு எண், நேர் எண். பார்வைக்குக் குறையே இல்லை. ‘விடையைச் சரிபார்’ என்று சொன்னால் தன் சமன்பாட்டில் 2-ஐப் பிரதியிட்டு, 5-இல் 2 போனால் 3 என்று நிம்மதியாகச் சொல்லும். அதுவும் உண்மைதான். சமன்பாட்டில் சரிபார்ப்பது தீர்த்த முறையைத்தான் சோதிக்கும், மொழிபெயர்த்ததைச் சோதிக்காது. விடையைக் கேள்வியின் வாக்கியத்திடமே கொண்டுபோக வேண்டும்: 2-ஐ விட ஐந்து குறைவான எண் எது? -3. கேள்வியில் இருப்பது 3. இங்கேதான் பிழை வெளிப்படுகிறது.

சமக்குறி இல்லாத வெறும் கோவைக்கும் இதே சோதனை உண்டு. எண்ணுக்கு 20 என்று வைத்துக்கொண்டு, 20-ஐ விட ஐந்து குறைவு எது என்று வாயால் கேட்க வேண்டும். பதினைந்து என்று எந்தப் பிள்ளையும் சொல்லும். பிறகு எழுதிய கோவையில் 20-ஐப் போட வேண்டும். `5 - x` என்றால் -15 வரும். ஐந்தை விடப் பெரிய எண்ணாக எடுப்பது நல்லது. 5-ஐயே எடுத்துவிட்டால் இரண்டு கோவையும் 0 தந்து பிழையை மறைத்துவிடும்.

தமிழில் யோசித்தால் போதும் என்று மட்டும் யாரும் நம்பிவிட வேண்டாம். இரண்டு பொருள்களை இணைக்கும் வாக்கியத்தில் தமிழ்வரிசையே தவறாக வழிகாட்டும். ‘தாராவிக் கடையில் விற்ற தட்டுகள் மாதுங்காக் கடையை விட 5 குறைவு’ என்றால் பிள்ளைகள் `D - 5 = M` என்று எழுதுவார்கள். தாராவிதான் குறைவு, ஆகவே குறைப்பதை அதன் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று தோன்றிவிடுகிறது. மாதுங்காவில் 20 தட்டு விற்றால் தாராவியில் 15. 15-இலிருந்து இன்னும் 5-ஐக் கழித்தால் 10, அது 20-க்குச் சமமாகாது. சமக்குறி இரண்டு பக்கத்தையும் ஒரே மதிப்பாக்க வேண்டுமென்றால் பெரியதிலிருந்துதான் குறைக்க வேண்டும்: `D = M - 5`.

இந்தத் தடுமாற்றம் சிறுவர்களுக்கு மட்டும் உரியது அல்ல. 1981-இல் கிளெமென்ட், லாக்ஹெட், மாங்க் என்ற மூவர் அமெரிக்காவில் முதலாண்டுப் பொறியியல் மாணவர்கள் 150 பேரிடம், ‘இந்தப் பல்கலைக்கழகத்தில் மாணவர் எண்ணிக்கை பேராசிரியர் எண்ணிக்கையைப் போல் 6 மடங்கு; இதைச் சமன்பாடாக எழுதுக’ என்று கேட்டதைப் பதிவுசெய்தார்கள். விடை `S = 6P`. 37 சதவீதத்தினர் தவறாக எழுதினார்கள், பெரும்பாலும் `6S = P` என்று. சொல்வரிசையைப் பின்பற்றியது ஒரு காரணம். கேள்வியைப் புரிந்துகொண்டும் தவறியவர்கள் இருந்தார்கள்; மாணவர்கள் அதிகம் என்பதால் பெரிய எண்ணை மாணவர் பக்கமே வைத்தார்கள். அவர்களுக்கு `S` என்பது மாணவர் எண்ணிக்கையாக இல்லாமல் மாணவர் என்ற பெயர்ச்சீட்டாக இருந்தது. அதனால் `D` என்று எழுதும்போது ‘தாராவி’ என்று சொல்லிக்கொள்ளாமல் ‘தாராவிக் கடையில் விற்ற தட்டுகளின் எண்ணிக்கை’ என்று முழுதாக எழுதவைப்பது நல்லது. வரி நீளும், பிள்ளைகள் முணுமுணுப்பார்கள், எழுதவைக்கத்தான் வேண்டும்.