குழந்தை தோற்கவில்லை, உங்கள் பசில்தான் தப்பு

போன வாரம் இன்னொன்று வந்தது. குழந்தைகளுக்கான மொபைல் ஆப், 3×3 ஸ்லைடிங் பசில், யானைப் படம். எட்டுத் துண்டுகளும் ஒரு காலிக் கட்டமும். "கடைசி இரண்டு துண்டு மாறியே நிற்கிறது, பையன் அழுகிறான்" என்று பெற்றோர்கள் எழுதியிருந்தார்கள். செய்தவரிடம் கேட்டால், "அது கஷ்டமான லெவல் சார், பொறுமையாக நகர்த்தினால் வந்துவிடும்" என்கிறார்.

வராது. ஆயிரம் முறை நகர்த்தினாலும் வராது. கோடி முறை நகர்த்தினாலும் வராது. இதைத்தான் எத்தனை முறை சொன்னாலும் பலர் நம்ப மறுக்கிறார்கள். முடித்த படத்தின் வரிசைப்படி துண்டுகளுக்கு 1 முதல் 8 வரை எண் கொடுங்கள். இந்த எட்டு எண்களையும் காலிக் கட்டத்தையும் ஒன்பது இடங்களில் வைக்க 3,62,880 வழிகள் உண்டு. அதில் சரியாகப் பாதி, அதாவது 1,81,440 மட்டுமே நகர்த்தி நகர்த்தி முடிக்கக்கூடியவை. மீதிப் பாதி தனி உலகம். அங்கிருந்து இங்கே வர எந்த நகர்வும் இல்லை. 4×4 கட்டத்தில் ஆடும் 15 எண் பசிலுக்கு இதை ஜான்சன், ஸ்டோரி என்ற இருவர் 1879-லேயே கணிதமாக நிரூபித்துவிட்டார்கள். எனவே துண்டுகளை வெறுமனே குலுக்கிப் போட்டால், இரண்டில் ஒரு ஆட்டம் குழந்தையால் ஜெயிக்கவே முடியாத ஆட்டம். அதைக் 'கஷ்டமான லெவல்' என்று சொல்லாதீர்கள்.

ஏன் என்று ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது. காலியை விட்டுவிட்டு எண்களை மேல் வரிசையில் தொடங்கி, ஒவ்வொரு வரிசையையும் இடமிருந்து வலமாக, ஒரே கோடாக எழுதுங்கள். பெரிய எண் முன்னாலும் சின்ன எண் பின்னாலும் வரும் ஒவ்வொரு ஜோடியும் ஒரு தலைகீழ் ஜோடி. பக்கவாட்டில் நகர்த்தினால் இந்தக் கோடு மாறவே மாறாது. மேலே கீழே நகர்த்தினால் ஒரு எண் இரண்டு எண்களைத் தாண்டும். அதனால் தலைகீழ் ஜோடிகள் இரண்டு கூடும், இரண்டு குறையும், அல்லது அப்படியே இருக்கும். ஒற்றைப்படை ஒருநாளும் இரட்டைப்படை ஆகாது. முடித்த பலகையில் எண்ணிக்கை 0, அது இரட்டைப்படை. அவ்வளவுதான்.

அந்த ஆப்பில் நான் பார்த்த ஒரு பலகை இது: 3 1 2, அடுத்த வரிசை 5 காலி 4, கடைசி வரிசை 8 6 7. மூன்றுக்குப் பின்னால் 1, 2 என இரண்டு ஜோடி. 5-க்குப் பின்னால் 4, ஒன்று. 8-க்குப் பின்னால் 6, 7, இரண்டு. மொத்தம் 5. ஒற்றைப்படை, முடியாது. ஏதாவது இரண்டு துண்டுகளை இடம் மாற்றினால் போதும். முதல் இரண்டை மாற்றி 1 3 2 ஆக்கினால் மொத்தம் 4. இப்போது முடியும்.

```js
if (inversions(a) % 2 === 1) {
  const [p, q] = [...a.keys()].filter(i => a[i] !== 0);
  [a[p], a[q]] = [a[q], a[p]];
}
```

இங்கே a என்பது பலகை, 0 என்பது காலிக் கட்டம், inversions என்பது மேலே சொன்னபடி காலியை விட்டுவிட்டுத் தலைகீழ் ஜோடிகளை எண்ண நீங்கள் எழுத வேண்டிய ஃபங்ஷன். தயவுசெய்து காலியை வைத்து இடம் மாற்றாதீர்கள். பக்கத்துத் துண்டோடு காலியை மாற்றினால் அது சாதாரண நகர்வு, எதுவும் சரியாகாது. அப்புறம், இப்படித் திருத்துவதால் குலுக்கலின் நேர்மை கெட்டுவிடும் என்று பயப்பட வேண்டாம். முடிக்கக்கூடிய ஒவ்வொரு பலகையும் சரியாக இரண்டு குலுக்கல்களிலிருந்து வருகிறது, எனவே எல்லாவற்றுக்கும் சம வாய்ப்பு. திருத்திய பலகை ஏற்கெனவே முடித்த நிலையில் இருந்தால் மட்டும் மறுபடி குலுக்குங்கள்.

முடித்த படத்திலிருந்து தொடங்கி சும்மா நகர்த்திக் கலைப்பது இன்னொரு வழி. அது நிச்சயம் முடியும் பலகைதான். ஆனால் இருபது முப்பது நகர்வில் நிறுத்தினால், போனதும் வந்ததுமாகப் படம் பாதி அப்படியே இருக்கும்.

4×4-இல்தான் ஆட்கள் சறுக்குகிறார்கள். அங்கே மேலே கீழே நகர்த்தினால் ஒரு எண் மூன்று எண்களைத் தாண்டும், எனவே ஒவ்வொரு முறையும் ஒற்றை இரட்டை மாறும். அதனால் காலி இருக்கும் வரிசையின் எண்ணையும் கூட்டிக்கொள்ள வேண்டும். காலி கடைசி மூலையில் முடியும் ஆட்டத்துக்கு, மேலிருந்து எண்ணினால் 0 + 4, இரட்டைப்படை. ஒருவர் இந்த விதியை எங்கிருந்தோ எடுத்து, காலி முதல் மூலையில் முடியும் ஆட்டத்தில் போட்டிருந்தார். அங்கே 0 + 1, ஒற்றைப்படை. விளைவு, முடியும் பலகைகளை எல்லாம் 'திருத்தி', நூற்றுக்கு நூறு முடியாத ஆட்டமாக்கிவிட்டார்! விதியை மனப்பாடம் செய்யாதீர்கள். உங்கள் முடிவுப் பலகைக்கே அந்தக் கூட்டலைப் போட்டு, குலுக்கிய பலகையோடு ஒப்பிடுங்கள்.

ஏற்கெனவே வெளியிட்டவர்களுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. புதிய பதிப்பில் குலுக்கலைச் சரிசெய்தால் மட்டும் போதாது. பாதியில் விட்டுச் சேமித்த பழைய ஆட்டங்கள் இன்னும் போன்களில் கிடக்கின்றன. ஆட்டம் திறக்கும்போதே அந்தப் பலகையையும் இதே சோதனையில் போடுங்கள். தேறாததை எடுத்துவிட்டு, "இது எங்கள் தவறு" என்று ஒரு வரி காட்டிப் புதிய பலகை கொடுங்கள்.