ரசீதில் அச்சாகாத ஒரு வரி

வாசகர் ஒருவர் தன்னுடைய ரசீதைப் படம் எடுத்து அனுப்பி, கூடவே ஒரு கேள்வியும் கேட்டிருந்தார். “அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு 1,000 டாலர் அனுப்பினேன். கட்டணம் 5 டாலர்தான் என்று போட்டிருக்கிறது. ஆனால் அன்றைய ரேட்டை இணையத்தில் பார்த்துப் பெருக்கினால், போய்ச் சேர்ந்த தொகை அதைவிட நிறையக் குறைகிறது. மிச்சம் எங்கே போனது?”

நல்ல கேள்வி. பதில் அந்த ரசீதிலேயே இருக்கிறது, தனி வரியாக இல்லை, அவ்வளவுதான். கணக்கு சுலபமாக இருக்க எண்களைக் கொஞ்சம் மாற்றி இங்கே தருகிறேன்:

```
Mar 14 (Fri)         6:40 PM
Transfer Amount      995.00 USD
Transfer Fees          5.00 USD
Total              1,000.00 USD
Exchange Rate      1 USD = 0.8775 EUR
Total to Recipient   873.11 EUR
Date Available       Mar 18
```

அவர் இணையத்தில் பார்த்த ரேட் 0.9000. அது நடுச்சந்தை ரேட். பெரிய வங்கிகள் தங்களுக்குள் நாணயம் வாங்கும்போது ஒரு விலை, விற்கும்போது ஒரு விலை இருக்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள எண்தான் இது. டாலர், யூரோ போன்ற பெரிய நாணயங்களில் அந்த இரு விலைகளுக்கும் உள்ள இடைவெளி மிக மிகச் சிறியது, சதவீதத்தில் நூறில் ஒரு பங்கு என்ற அளவில்தான் இருக்கும். ஆனால் அனுப்பும் நிறுவனம் வாசகருக்குக் கொடுத்தது 0.8775. வித்தியாசம் 0.0225. அதை 0.9000-ஆல் வகுத்தால் 2.5 சதவீதம். இதுதான் மார்ஜின். ரசீதில் இந்தப் பெயரில் எந்த வரியும் கிடையாது. `Exchange Rate` என்ற எண்ணுக்குள்ளேயே அது கரைந்திருக்கிறது.

காசாக மாற்றிப் பார்ப்போம். 995 டாலரில் 2.5 சதவீதம் 24.88 டாலர். கட்டணம் 5 டாலர். மொத்தச் செலவு 29.88 டாலர். கண்ணுக்குத் தெரிந்த கட்டணத்தைப் போல மார்ஜின் ஏறக்குறைய ஐந்து மடங்கு!

இதைக் கண்டுபிடிக்க இத்தனை படிகள்கூட வேண்டாம். போய்ச் சேரும் தொகையை, நம் கையிலிருந்து போன மொத்தத் தொகையால் வகுத்தால் போதும்: 873.11 ÷ 1,000 = 0.8731. கட்டணம், மார்ஜின் எல்லாம் போக நமக்கு உண்மையில் கிடைத்த ரேட் இது. 0.9000-உடன் ஒப்பிட்டால் ஏறக்குறைய 3 சதவீதம் குறைவு. இந்த ஒரு வகுத்தல் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் நிறுவனம் செலவை எந்தப் பையில் போட்டிருந்தாலும் இது வெளியே கொண்டுவந்துவிடும். இன்னொரு நிறுவனம் கட்டணமே இல்லை என்று சொல்லி 0.8700 ரேட் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 டாலர் அனுப்பினால் அங்கே 87.00 யூரோ சேரும்; நம் வாசகரின் நிறுவனத்தில் 83.36 யூரோதான். ஆக, சிறிய தொகைக்குக் கட்டணம் இல்லாத நிறுவனமே மேல். ஆனால் 1,000 டாலருக்கு அது 870.00 யூரோ கொடுக்கும், இது 873.11. இரண்டும் சமமாகும் இடம் 585 டாலர். கட்டணம் தொகையோடு வளர்வதில்லை, மார்ஜின் வளரும். அதனால் ‘எது மலிவு’ என்ற கேள்விக்குத் தொகையைச் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது.

ஒரு சின்னச் சிக்கல் உண்டு. சில ரசீதுகளில் ரேட்டைத் தலைகீழாக எழுதியிருப்பார்கள்: 1 யூரோவுக்கு 1.1396 டாலர் என்று. அங்கே எண் பெரிதாக இருப்பதுதான் அனுப்புகிறவருக்கு நஷ்டம். எந்தப் பக்கம் எழுதியிருந்தாலும், சேரும் தொகையைக் கட்டிய தொகையால் வகுத்துவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

சரி, அந்த 2.5 சதவீதம் எதற்காக? இங்கேதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. பணம் உண்மையில் கடல் தாண்டிப் போவதே இல்லை. அனுப்பும் நிறுவனம் இரண்டு நாட்டிலும் கணக்கு வைத்திருக்கிறது. நாம் இங்கே டாலர் கட்டினால் அதன் டாலர் கணக்கில் தொகை ஏறுகிறது. அங்கே அதன் யூரோ கணக்கில் ஏற்கெனவே நிரப்பி வைத்திருந்த இருப்பிலிருந்து 873.11 யூரோ இறங்கி, பெறுபவரின் கணக்குக்குப் போகிறது. இரண்டு பேரேட்டில் இரண்டு பதிவுகள், நடுவில் ஒரு செய்தி. நாள் முழுக்க இப்படி ஆயிரக்கணக்கானோர் அனுப்ப அனுப்ப, டாலர் தொட்டி நிரம்பும், யூரோ தொட்டி வற்றும். அப்புறம் நிறுவனம் சந்தைக்குப் போய் மொத்தமாக டாலரை விற்று யூரோ வாங்கி, வற்றிய தொட்டியை நிரப்பும்.

நமக்கு ரேட்டை உறுதிசெய்த நேரத்துக்கும், நிறுவனம் சந்தையில் வாங்கும் நேரத்துக்கும் இடையே ஒரு இடைவெளி இருக்கிறது. அதற்குள் யூரோவின் விலை ஏறினால் நஷ்டம் நிறுவனத்துக்கு. அந்த அபாயத்துக்கான விலை மார்ஜினில் ஒரு பகுதி. தொட்டியில் சும்மா கிடக்கும் பணத்துக்கான செலவு இன்னொரு பகுதி. மிச்சம் லாபம்.

இப்போது ரசீதின் முதல் வரியைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மாலை 6:40. நியூயார்க் நேரம் வெள்ளி மாலை 5 மணியோடு உலக நாணயச் சந்தை அந்த வாரத்துக்கு ஓய்ந்துவிடும். மறுபடி உயிர் பெறுவது ஞாயிறு மாலை 5 மணிவாக்கில். இடையே என்ன நடந்தாலும் நிறுவனத்தால் யூரோ வாங்க முடியாது. அதனால் வார இறுதியில் மார்ஜினைச் சற்று அகலமாக வைக்கும் நிறுவனங்கள் உண்டு. வாசகர் மார்ஜினை அளக்க எடுத்துக்கொள்ள வேண்டிய ஒப்பீட்டு எண்ணும் அந்த வெள்ளிக்கிழமை முடிவு விலைதான், திங்கட்கிழமைக் காலை ரேட் அல்ல. நேரம் பார்க்காமல் ஒப்பிட்டால் சந்தை அசைந்ததையும் மார்ஜினையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வோம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு ரேட் ஏறும், செவ்வாய்க்கிழமை அனுப்பினால் நல்லது என்றெல்லாம் நாள் பார்த்துக் காத்திருப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். டாலர்–யூரோ ரேட் சாதாரணமாக ஒரு நாளில் ஒரு சதவீதத்துக்குள்தான் அசையும், அதுவும் எந்தப் பக்கம் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. கண்முன்னே இருக்கும் 2.5 சதவீதத்தை அளக்காமல், தெரியாத அரை சதவீதத்துக்காக நாள் கணிப்பது ஜோசியம்தான். சந்தை திறந்திருக்கும் நாளா என்று மட்டும் பார்த்தால் போதும்.

நிரப்பி வைத்த தொட்டி இல்லாத வங்கிகள் அனுப்பும்போது பாதை வேறு. செய்தி, வங்கிகளுக்கு இடையேயான செய்தி வலையமைப்பான ஸ்விஃப்ட் வழியாக ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குக் கைமாறிப் போகும். வழியில் உள்ள இடைநிலை வங்கி தன் கட்டணத்தை அந்தத் தொகையிலிருந்தே பிடித்துக்கொள்ளலாம். யார் அதை ஏற்கிறார்கள் என்பதை மூன்றெழுத்துச் சொல் ஒன்று தீர்மானிக்கும்: `OUR` என்றால் எல்லாம் அனுப்புகிறவர் தலையில், `BEN` என்றால் எல்லாம் பெறுகிறவர் தலையில், `SHA` என்றால் அனுப்பும் வங்கியின் கட்டணம் இவருக்கு, மற்றவை அவருக்கு. ஒருமுறை வெளிநாட்டுக் கருத்தரங்கு ஒன்றுக்கு என் வங்கி மூலம் 400 யூரோ பதிவுக் கட்டணம் அனுப்பினேன். படிவத்தில் `SHA` முன்பே டிக் ஆகியிருந்ததை நான் கவனிக்கவில்லை. அங்கே 382 யூரோதான் சேர்ந்தது. 18 யூரோ பாக்கி என்று என் பதிவை நிறுத்தி வைத்துவிட்டார்கள். அந்தப் 18 யூரோவைத் தனியாக அனுப்ப இன்னொரு கட்டணம் கட்டினேன். துல்லியமான தொகை போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு `OUR`-தான் பொருத்தம். அப்போதும் பெறும் வங்கி தன் வாடிக்கையாளரிடம் தனியாக ஏதாவது பிடிக்கலாம். அமெரிக்க ரசீதுகளில் ‘பெறுபவரின் வங்கிக் கட்டணத்தாலும் அந்நாட்டு வரியாலும் தொகை குறையலாம்’ என்ற பொருளில் ஒரு வாக்கியம் இருந்தால், அது சொல்வது இதைத்தான்.

இந்த அமெரிக்க ரசீதின் வடிவமே சட்டத்தால் வந்தது. 2013 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதிப்படி கட்டணம், ரேட், சேரும் தொகை, கிடைக்கும் தேதி ஆகியவற்றைக் காட்டியாக வேண்டும். ஆனால் நடுச்சந்தை ரேட்டையோ மார்ஜினையோ காட்ட வேண்டும் என்று அது கேட்கவில்லை. என் கருத்தில் இது பெரிய குறை. எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, செலவில் ஐந்தில் நான்கு பங்கை வாசகரே தோண்டி எடுக்கட்டும் என்று விடுவது நியாயமில்லை. உலக வங்கி பல ஆண்டுகளாக நாட்டுக்கு நாடு 200 டாலர் அனுப்ப ஆகும் செலவைத் திரட்டி வெளியிடுகிறது. அதில் கட்டணத்தோடு மார்ஜினையும் சேர்த்தே அளக்கிறார்கள். ஐ.நா.வின் இலக்கு 2030-க்குள் அதை 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவது. இப்படி அலுப்பான அளவைகளை ஆண்டுக்கணக்கில் எடுக்கும் வேலைக்குப் பொதுப்பணம் தாராளமாகக் கிடைக்க வேண்டும்.

கடைசி வரி, `Date Available`. செய்தி போகும் வேகத்துக்கும் இந்தத் தேதிக்கும் சம்பந்தம் குறைவு. ஸ்விஃப்ட்டின் தரவுகளை ஆராய்ந்து சர்வதேசத் தீர்வு வங்கி 2022-இல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கு மேற்பட்ட பணப் பரிமாற்றங்கள் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுவது தெரிந்தது. தாமதத்தில் பெரும்பகுதி கடைசி வங்கியில், அதாவது பெறுபவரின் வங்கிக்குள் நடந்தது. வேலை நேரம், விடுமுறை, அந்நியச் செலாவணிச் சரிபார்ப்பு என்று அங்கேதான் பணம் காத்து நிற்கிறது. தேதி தாண்டியும் வரவில்லை என்றால், வங்கி வழியாக அனுப்பியவர்கள் `UETR` என்ற எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கோடுகளையும் சேர்த்து 36 எழுத்துகள் இருக்கும். அதை வைத்து, தொகை எந்த வங்கியில் நிற்கிறது, வழியில் யார் எவ்வளவு பிடித்தார்கள் என்று அனுப்பிய வங்கியால் பார்த்துச் சொல்ல முடியும்.

நம் வாசகருக்கு அது தேவைப்படவில்லை. ரசீதில் செவ்வாய்க்கிழமை என்று இருந்தாலும் பணம் திங்கள் மதியமே சேர்ந்துவிட்டதாம். `Date Available` என்பது அதற்குள் கிடைத்தாக வேண்டும் என்ற கடைசி நாள். தொட்டியில் யூரோ இருந்து, அங்கே வங்கியும் திறந்திருந்தால் அதற்கு முன்பே வந்துவிடும்.