தபால் பெட்டியில் இரண்டு கைத்தடங்கள்

பிக்ஸார் நிறுவனம் 2009இல் வெளியிட்ட 'அப்' படத்தில் ஒரு காட்சி வரும். கார்ல் என்ற முதியவரின் வீட்டு வாசலில் நிற்கும் தபால் பெட்டியைக் கட்டுமான வண்டி ஒன்று இடித்துவிடுகிறது. வேலையாள் ஒருவர் பதறிப்போய் வந்து அதை நிமிர்த்தி வைக்கப் பார்க்கிறார். பெட்டியைத் தொடாதே என்று கார்ல் அவரிடம் கத்தி, கைத்தடியால் தலையில் அடித்துவிடுகிறார். ரத்தம் வருகிறது.

உதவ வந்தவரை அடித்த மனிதர் மேல் நமக்குக் கோபம்தான் வர வேண்டும். ஆனால் பார்ப்பவர்கள் பெரும்பாலும் கார்ல் பக்கமே நிற்கிறார்கள். அந்தப் பெட்டி அவருக்கு என்ன என்று படத்தில் யாரும் சொல்வதில்லை, சொல்லவும் தேவையில்லை. அதற்கான வேலை சில நிமிடங்களுக்கு முன்பே முடிந்துவிட்டது. ஒரு சாதாரணப் பொருளும் ஒரு நிறமும் படத்துக்குள் இப்படி அர்த்தம் சேர்த்துக்கொள்வது எப்படி என்று பார்ப்போம்.

கார்ல், எல்லி இருவரின் திருமணம் முதல் எல்லியின் மரணம் வரையிலான மொத்த வாழ்க்கையையும் இந்தப் படம் சுமார் நான்கு நிமிடங்களில் வசனமே இல்லாமல் சொல்கிறது. அதில் ஒரு துண்டு: புது வீட்டுத் தபால் பெட்டியில் எல்லி இருவர் பெயரையும் எழுதுகிறாள். கார்ல் தெரியாமல் ஈரப் பெயிண்டில் கையை வைத்துவிட, அவன் கைத்தடம் பதிந்துவிடுகிறது. எல்லி சிரித்துக்கொண்டே தன் கையையும் பக்கத்தில் பதிக்கிறாள். சில நொடிகள்தான், அவ்வளவே.

இதில் கவனிக்க வேண்டியது, பெட்டி வெறுமனே காட்டப்படவில்லை என்பது. அதன்மேல் ஒரு கை பட்டது. டேனியல் லெவின், டேனியல் சைமன்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1997இல் வெளியிட்ட ஆய்வு, இது ஏன் முக்கியம் என்று காட்டுகிறது. இரண்டு பேர் மேசையில் உட்கார்ந்து பேசும் ஒரு குறும்படத்தை எடுத்து, ஷாட் மாறும்போதெல்லாம் வேண்டுமென்றே எதையாவது மாற்றி வைத்தார்கள். ஒருவர் கழுத்தில் இருந்த ஸ்கார்ஃப் அடுத்த ஷாட்டில் காணாமல் போனது. மேசையிலிருந்த சிவப்புத் தட்டுகள் வெள்ளையாயின. பார்த்தவர்களில் கிட்டத்தட்ட யாருமே இதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. நம் மூளை சட்டகத்தில் உள்ள எல்லாவற்றையும் சேமித்து வைப்பதில்லை. முகத்தையும், கை செய்யும் காரியத்தையும் பின்தொடர்கிறது, மற்றதை விட்டுவிடுகிறது. அலமாரியில் அழகாக வைத்த ஒரு பொம்மையைப் பத்துத் தடவை காட்டினாலும் அது குறியீடாக ஆகாமல் போவதற்கு இதுதான் காரணம். ஒரு பாத்திரம் அதை எடுக்க வேண்டும், உடைக்க வேண்டும், ஒளிக்க வேண்டும்.

அதே நான்கு நிமிடத்தில் வரும் கண்ணாடி ஜாடியை எடுத்துக்கொள்வோம். பாரடைஸ் அருவிக்குப் போவதுதான் எல்லியின் சிறுவயதுக் கனவு. அதற்குச் சில்லறை சேர்க்கும் உண்டியல் அந்த ஜாடி. காசு விழுகிறது, நிறைகிறது. அப்புறம் கார் டயர் போய்விடுகிறது, ஜாடி உடைகிறது. கார்லின் கால் முறிகிறது, மறுபடி உடைகிறது. மரம் சாய்ந்து கூரை இடிகிறது, மறுபடியும் உடைகிறது. முதல் தடவை உடைக்கும்போது நமக்கு நடப்பது புரிந்துவிடுவதால் அடுத்தவற்றைப் படம் வேகமாகத் தாண்டிவிடுகிறது. பொருள் ஒன்றேதான், சுற்றியிருக்கும் காரணம் மட்டும் மாறுகிறது. மாறாத ஒன்று கையில் இருந்தால்தான் மாறியது எவ்வளவு என்று பார்வையாளரால் அளக்க முடியும். 'பணம் போதவில்லை, கனவு தள்ளிப்போகிறது' என்று ஒரு வரி வசனம் எழுதியிருந்தால் தகவல் வந்து சேர்ந்திருக்கும். ஆனால் அந்தக் கணக்கை நாமே போட்டோம் என்ற உணர்வு வந்திருக்காது. எனக்கு இந்தப் படத்தில் மிகவும் பிடித்த உத்தி இந்த ஜாடிதான். ஜாடிக்குப் பிறகு டை வருகிறது. எல்லி கட்டிவிடும் டையின் வடிவம் ஷாட்டுக்கு ஷாட் மாறுகிறது, கட்டி முடிக்கும்போது இருவருக்கும் தலை நரைத்துவிடுகிறது.

சரி, நிறத்துக்கு வருவோம். ஆன் ட்ரீஸ்மன், கேரி ஜெலேட் இருவரும் 1980இல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். ஒரே நிறப் புள்ளிகளுக்கு நடுவில் வேறு நிறத்தில் ஒன்றே ஒன்று இருந்தால், சுற்றிலும் ஐந்து இருந்தாலும் முப்பது இருந்தாலும் ஏறக்குறைய அதே நேரத்தில் கண் அதைப் பிடித்துவிடுகிறது. தேடவே வேண்டியதில்லை. ஆனால் மற்றவற்றிலும் அந்த நிறம் கலந்திருந்து, நிறத்தையும் வடிவத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் அடையாளம் தெரியும் என்றால், கூட்டம் கூடக் கூடத் தேடும் நேரமும் கூடும். ஆகவே ஒரு நிறம் கண்ணில் படுவது அந்த நிறத்தின் குணத்தால் மட்டுமல்ல. அது வேறெங்கும் இல்லாததால்தான் படுகிறது.

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' (1993) இதன் உச்சம். ஏறக்குறைய முழுவதும் கறுப்பு வெள்ளையான படத்தில், கிராக்கோவ் நகரத்து யூதர் குடியிருப்பை நாஜிகள் அழிக்கும் நாளில், ஒரு சிறுமியின் மேலங்கி மட்டும் சிவப்பு. பிறகு சடலங்கள் ஏற்றிய வண்டியில் அதே சிவப்பு வருகிறது. முகத்தைக் காட்டவோ பெயரைச் சொல்லவோ வேண்டியிருக்கவில்லை. சிவப்பு என்றால் காதல் அல்லது ஆபத்து என்று எந்தப் பட்டியலும் இதற்கு உதவாது. அந்தப் படத்தில் சிவப்பு அந்தக் குழந்தை, அவ்வளவுதான். அந்த அர்த்தத்தைச் சிறுமி முதலில் வரும் காட்சியிலேயே படம் கற்றுக்கொடுத்துவிடுகிறது.

முழு வண்ணப் படத்தில் இது கடினம். பிக்ஸாரில் இதற்காகவே கலர் ஸ்கிரிப்ட் என்று ஒன்று வரைவார்கள். காட்சிக்கு ஒரு சின்னப் படம் வீதம் மொத்தக் கதையையும் வரிசையாக ஒட்டி வைத்தால், நிறம் எங்கே ஏறுகிறது, எங்கே வடிகிறது என்று ஒரே பார்வையில் தெரியும். 'அப்' படத்துக்கு அதை வரைந்தவர் லூ ரொமானோ. எல்லி இருக்கும்வரை வீட்டில் நிறம் செழித்திருக்கிறது, அவள் போனபின் சாம்பலும் மங்கலுமாகிறது. நேரடிப் படப்பிடிப்பில் இந்தச் சுமை கலை இயக்குநர் மேலும் உடை வடிவமைப்பாளர் மேலும் விழும். கதாநாயகியின் மஞ்சள் குடை பேச வேண்டுமென்றால் பின்னால் நிற்கும் துணை நடிகர்கள் முதல் கடைப் பெயர்ப்பலகை வரை மஞ்சளை விரட்ட வேண்டும். குறும்படங்களில் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். குடை மஞ்சள், ஆட்டோவும் மஞ்சள்.

இன்னொரு சறுக்கல், பொருளுக்கு அர்த்தம் சேரும் முன்பே கேமரா அதன் அருகே போய் நிற்பது. எடிட் முடிந்ததும் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கதை தெரியாத ஒருவருக்கு ஒலியை அணைத்துப் படத்தைக் காட்டி, அந்தப் பொருள் கடைசியாக வரும் இடத்துக்கு முன் நிறுத்தி, 'இது அவளுக்கு என்ன?' என்று கேளுங்கள். 'ஒரு குடை' என்றால் அது இன்னும் பதியவில்லை. 'இது ஏதோ குறியீடு' என்றால் மிகைப்படுத்திவிட்டீர்கள். 'அவ அப்பா வாங்கித் தந்தது' என்றால் வேலை முடிந்தது.

படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றியும் ஒரு முறை பாருங்கள். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பு-பச்சை வேறுபாடு சரியாகத் தெரிவதில்லை. அவர்களில் ஒரு பகுதியினருக்குச் சிவப்பு மங்கிக் கருத்துத்தான் தெரியும். ஸ்பீல்பெர்க் படத்தில் சிறுமி முதலில் வரும் காட்சி அவர்களுக்கும் ஓரளவு கைகொடுக்கும். கலவரத்துக்கு நடுவே சிறுமி தன்னந்தனியாக நடக்கிறாள், கேமராவும் அவளையே தொடர்கிறது. வண்டியில் வரும் காட்சியில் அந்தத் துணை இல்லை. அங்கே எல்லாம் நிறத்தை நம்பியே நிற்கிறது.