படத்தில் பெரிய விரிப்பு, பார்சலில் சின்ன விரிப்பு: விதி என்ன சொல்கிறது?

ஆன்லைனில் விற்கிற பொருளின் படத்தில் தூசியைத் துடைப்பதையோ பின்னணியை வெள்ளையாக்குவதையோ நுகர்வோர் சட்டம் பொதுவாகக் கேள்வி கேட்பதில்லை. படத்தை நம்பி வாங்கியவர், உண்மை தெரிந்திருந்தால் வாங்கியிருப்பாரா? அதுதான் கேள்வி. நிறமும் அளவும் அங்கேதான் மாட்டுகின்றன.

ஒரு தரை விரிப்பை எடுத்துக்கொள்வோம். அளவு 60 × 90 செ.மீ. படத்தில் இருக்கும் அறை முழுக்கக் கணினியில் உருவாக்கியது, அதில் மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்று, அதன் முன்னால் சோபாவின் நீளத்துக்கே விரிப்பு கிடக்கிறது. அப்படிப்பட்ட சோபா சுமார் 200 செ.மீ. இருக்கும். அப்படியானால் இந்த விரிப்பு அதில் பாதிகூட வராது! "அளவைக் கீழே போட்டிருக்கிறோமே" என்பார் விற்பவர். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005 வழிகாட்டுதல் அதை ஏற்பதில்லை: எழுதிய தகவல் சரியாகவே இருந்தாலும், மொத்தத் தோற்றம் ஏமாற்றி வாங்க வைத்தால் அது தவறான வணிகம்தான். இந்தியாவின் 2020 மின்வணிக விதிகளிலும், விளம்பரம் பொருளின் உண்மைத் தன்மையோடு ஒத்துப்போக வேண்டும், ஒத்துப்போகாத பொருளைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது.

சரி, எப்படித்தான் சொல்வது? "படம் விளக்கத்துக்கு மட்டும்" என்று பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போடுவது சும்மா ஒப்புக்குத்தான். படத்தின் மேலேயே "அறை கணினியில் உருவாக்கியது, விரிப்பு 60 × 90 செ.மீ." என்று இருந்தால் வாங்குபவர் கண்ணில் படும். ஆனால் அப்படி எழுதிவிட்டால் தப்பான விகிதம் சரியாகிவிடாது, படத்தில் இருக்கும் விரிப்பைச் சுருக்கித்தான் ஆக வேண்டும்.

நிறத்தில் வேறு கதை. ஒரே துணியைப் படம் பிடித்து, மென்பொருளில் ஆறு நிறமாக மாற்றிவிடுவார்கள். கண்டுபிடிப்பது சுலபம்: ஆறு படத்திலும் அதே மடிப்பு, அதே நிழல், அதே இடத்தில் தொங்கும் நூல். நிஜமாகவே ஆறு துணிகளை விரித்திருந்தால் அப்படி அச்சு அசலாக மடியாது. திரைக்குத் திரை நிறம் கொஞ்சம் மாறத்தான் செய்யும், அது விற்பவர் குற்றமில்லை. ஆனால் படத்தில் அடர் பச்சையாக இருந்தது எந்தத் திரையில் பார்த்தாலும் கையில் இருப்பதைப் போல வெளிர் பச்சையாகத் தெரியப்போவதில்லை. "நிறம் மென்பொருளில் மாற்றியது" என்று சொல்லி, ஒவ்வொரு நிறத்துக்கும் பகல் வெளிச்சத்தில் எடுத்த, திருத்தாத படம் ஒன்றையும் பக்கத்தில் வைத்தால் நியாயம்.

வாங்கும் அன்றே பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், அப்புறம் படத்தை மாற்றிவிட்டால் கையில் ஆதாரம் இருக்காது. பொருள் வந்ததும் அளவு டேப்பை வைத்து ஒரு படம். இந்தியாவில் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். புகாரில் "பிடிக்கவில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள், அப்படி எழுதினால் கடையின் சொந்த ரிட்டர்ன் விதிக்குள் போய் மாட்டிக்கொள்ளும். "விளம்பரப் படத்தோடு அளவு பொருந்தவில்லை" என்று எழுதுங்கள்.