டி.எஸ்.சி.ஆர்.: தவணையைத் தாங்கும் திறன்

தொழிற்கடன் கேட்டு வங்கிக்குப் போனவர்கள் 'டி.எஸ்.சி.ஆர். போதவில்லை' என்ற பதிலைக் கேட்டிருப்பார்கள். ஆங்கிலத்தில் 'டெட் சர்வீஸ் கவரேஜ் ரேஷியோ' என்பதன் சுருக்கம் இது. 'டெட்' என்பதன் வேர், 'கொடுக்க வேண்டியது' என்று பொருள்படும் 'டெபிட்டும்' என்ற லத்தீன் சொல். கணக்கு வழக்கில் 'சர்வீஸ்' என்றால் தொண்டு அல்ல. அசலையும் வட்டியையும் தவணை தவறாமல் கட்டிவருவது. 'கவரேஜ்' என்பது கட்ட வேண்டிய தொகைக்கு வருமானம் எட்டுகிறதா என்பது.

ஆகவே 'கடன் சேவை பாதுகாப்பு விகிதம்' என்ற நேர் பெயர்ப்பு காப்பீட்டையோ கோயிலையோதான் நினைவூட்டும். 'ஈடு' என்ற சொல்லைச் சேர்க்கலாம் என்றால், அதற்கு அடமானப் பொருள் என்றும் பொருள் உண்டு. வங்கியில் குழப்பம் வரும். 'தவணை தாங்குதிறன் விகிதம்' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. தொழில் ஈட்டும் பணம், ஓராண்டுத் தவணையைப் போல் எத்தனை மடங்கு என்பதை அது சொல்கிறது.

கணக்கு இதுதான். வரி போக நிகர லாபம், தேய்மானம், தவணைக்கடன் வட்டி மூன்றையும் கூட்டி, அந்த ஆண்டில் கட்ட வேண்டிய அசலும் வட்டியும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். தேய்மானத்தைக் கூட்டுவதற்குக் காரணம், அது ஏட்டில் எழுதும் செலவு, கையிலிருந்து போகும் பணம் அல்ல. வட்டி லாபத்தில் ஏற்கெனவே கழிந்துவிட்டது, கீழேயும் வருகிறது. அதனால் மேலே திரும்பச் சேர்க்கிறோம். அன்றாட நடைமுறைச் செலவுக்கு எடுக்கும் கேஷ் கிரெடிட் கடனின் வட்டியை மேலே மட்டும் சேர்த்துவிட்டுக் கீழே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிற பிழை. விகிதம் காரணமில்லாமல் ஏறித் தெரியும்.

திருப்பூரில் ஜாப் வொர்க் எடுத்துத் தைக்கும் ஒரு சிறு கூடத்தை வைத்துப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. வரி போக லாபம் 5.2 லட்சம், தேய்மானம் 2.4, தவணைக்கடன் வட்டி 1.4, மொத்தம் 9 லட்சம். பழைய கடனுக்கு அசல் 3, வட்டி 1.4 என்று ஆண்டுக்கு 4.4 லட்சம் கட்ட வேண்டும். 9-ஐ 4.4-ஆல் வகுத்தால் 2.05. சராசரி 1.5 இருந்தால் நல்லது, 1.2-க்குக் கீழே போனால் கவலை என்பது வங்கிகளில் பொதுவான பார்வை. அப்படியானால் இது தாராளம்தானே?

தனி உரிமையாளர் தொழில் என்பதை இங்கே மறக்கக் கூடாது. அவர் வீட்டுச் செலவுக்கு எடுக்கும் பணம் லாபநட்டக் கணக்கில் செலவாக வராது. மூலதனக் கணக்கிலிருந்துதான் கழியும். கம்பெனி என்றால் இயக்குநரின் சம்பளம் முன்பே கழிந்திருக்கும். இவர் ஆண்டுக்கு 3 லட்சம் எடுக்கிறார் என்றால் தவணைக்கு மிஞ்சுவது 6 லட்சம்தான், விகிதம் 1.36.

இப்போது ஓவர்லாக், பிளாட்லாக் இயந்திரங்கள் வாங்க 10 லட்சம் கேட்கிறார். 11 சதவீத வட்டி, 5 ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 21,742 ரூபாய், ஆண்டுக்கு 2.61 லட்சம். மொத்தத் தவணை 7.01 லட்சம் ஆகிவிடும். புதிய இயந்திரங்களால் வரி போக 2.4 லட்சம் கூடுதலாகக் கையில் நிற்கும் என்று வைத்துக்கொண்டாலும் 8.4-ஐ 7.01-ஆல் வகுத்தால் 1.2-தான் வரும். வீட்டுச் செலவைக் கழிக்காமல் பார்த்தால் இதே கணக்கு 1.63 என்று காட்டும். கடன் கிடைத்துவிடலாம், ஆனால் குடும்பம் நெருக்கடியில் மாட்டும். கடன் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டிய எண் வீட்டுச் செலவு போனபின் வருவதுதான்.

தவணைக்காலத்தை 7 ஆண்டாக நீட்டினால் மாதம் 17,122 ரூபாய், ஆண்டுக்கு 2.05 லட்சம். விகிதம் 1.3-க்கு ஏறும், அதற்கு விலையாக மொத்த வட்டி கூடும். ஆர்டர் எதிர்பார்த்ததில் பாதிதான் வந்து கூடுதல் வரவு 1.2 லட்சத்தோடு நின்றுவிட்டால்? 7.2-ஐ 6.45-ஆல் வகுக்க 1.12. ஒரு பெரிய ரிப்பேர் வந்தாலே தவணை தள்ளும். இந்த நிலையில் பாதி இயந்திரங்களை மட்டும் இப்போது வாங்குவதுதான் என் ஆலோசனை.

விகிதத்தைப் பார்க்கும்போது மூன்று இடங்களில் கூடுதல் கவனம் வேண்டும். அசலுக்கு விலக்கு உள்ள முதல் ஆண்டில் வட்டி மட்டுமே கட்டுவதால் எண் அழகாகத் தெரியும். அடுத்த ஆண்டை எடுத்துக் கணக்கிடுங்கள். அப்புறம், சீட்டுத் தவணை, கைமாற்று வட்டி, நகைக்கடன் இவை தொழில் கணக்கில் இருக்காது. அவற்றையும் கீழே சேர்க்க வேண்டும். பில் போட்டும் வராமல் நிற்கும் பணம் கடந்த ஆண்டைவிட எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்த்து, அந்தத் தொகையை மேலேயிருந்து கழித்துவிடுங்கள். லாபம் ஏட்டில் இருந்தாலும் அந்தப் பணத்தை வைத்துத் தவணை கட்ட முடியாது.