மல்லிக் கன்னுல தொங்குற அட்டைல என்ன எழுதணும்?

எங்க பெரியப்பா நர்சரில ரொம்ப நாளா ஒரே அட்டைதான். "குண்டுமல்லி. நல்ல வெயில். தினமும் தண்ணீர்." அதுக்குக் கீழ விலை. இதுல தப்பா ஒண்ணும் இல்லன்னுதான் தோணும். ஆனா முதல் தடவையா செடி வெக்கிறவங்கள்ல சிலர் மூணாவது வாரத்துல தொங்கிப்போன கன்னோட திரும்பி வருவாங்க, "அட்டைல போட்ட மாதிரியே தினமும் ஊத்துனேங்க"ன்னு. தொட்டிய கவுத்து மண்ண உடைச்சுப் பாத்தா வேர் வெள்ளையா இருக்க வேண்டியது பழுப்பாகி, தொட்டா தோல் வழண்டு வரும், மண்ணுல சாக்கடை வாடை அடிக்கும். அந்தச் செடி தண்ணி இல்லாம சாகல, மூச்சு முட்டி செத்திருக்கு.

வேருக்கும் மூச்சு உண்டுங்கிறத பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம், ஆனா தண்ணி ஊத்தும்போது யாருக்கும் ஞாபகம் வராது. மண்ணுத் துகளுக்கு நடுவுல இருக்குற சந்துல பாதி தண்ணி, பாதி காத்துன்னு இருந்தாத்தான் வேருக்கு ஆக்சிஜன் கிடைக்கும். சந்து முழுக்க தண்ணி நின்னுட்டா ஆக்சிஜன் அந்தத் தண்ணிக்குள்ள நீந்தித்தான் வரணும், காத்துல பரவுறத விட தண்ணில அது பரவுற வேகம் கிட்டத்தட்ட 10,000 மடங்கு கம்மி. வேர் மூச்சு விட முடியாம போனா அதுக்கு வேலை செய்ய சக்தி இருக்காது, தண்ணிய உள்ள இழுக்கிற வேலையும் நின்னுடும். இதுல கொடுமை என்னன்னா, தண்ணிக்குள்ளயே நிக்கிற செடி தண்ணி குடிக்க முடியாம இலைய தொங்கப் போடும், பாக்குறதுக்கு அச்சு அசல் தாகத்துல வாடுன செடி மாதிரியே இருக்கும். புதுசா செடி வெச்சவங்க அத பாத்து பதறிப்போய் இன்னொரு சொம்பு ஊத்துவாங்க. அதோட முடிஞ்சுது.

அதனால "தினமும் தண்ணீர்"ங்கிறத மொதல்ல எடுக்கச் சொன்னேன். அப்ப எத்தனை நாளைக்கு ஒரு தடவைன்னு போடலாம்னு பெரியப்பா கேட்டாரு. அதுவும் வேணாம்னேன், ஏன்னா எந்த எண்ணு போட்டாலும் யாராவது ஒருத்தர் வீட்ல அது தப்பாத்தான் போகும். சித்திரை வெயில்ல மொட்டை மாடில இருக்குற சின்ன கவருக்கு ஒரு நாளைக்கு ரெண்டு வேளை கூட பத்தாது, அதே கன்னு ஐப்பசி மழைல பால்கனில பெரிய தொட்டில இருந்தா நாலு நாள் ஊத்தாம விடலாம். ஒரே செடி, ஒரே அட்டை. அட்டைல நாள் கணக்கு இருக்கக் கூடாது, எத பாக்கணும்ங்கிறதுதான் இருக்கணும்.

சரின்னு "விரலை மண்ணுல விட்டுப் பாருங்க, ஈரம் இருந்தா ஊத்த வேண்டாம்"னு மாத்தி எழுதுனோம். அதுவும் சரியா வேலை செய்யல, ஏன்னு கண்டுபிடிக்க எனக்கு கொஞ்ச நாள் ஆச்சு. நர்சரி கவர்ல இருக்குறது இறுக்கமான செம்மண்ணு, வாங்கிட்டுப் போறவங்க அத அப்படியே கட்டியோட எடுத்து, தேங்கா நார்க் கழிவும் தொழு உரமும் கலந்த பொலபொலன்னு இருக்குற கலவைல வெப்பாங்க. நட்டு ஒரு மாசம் வரைக்கும் வேர் அத்தனையும் அந்தப் பழைய கட்டிக்குள்ளதான் இருக்கு. செடி தண்ணிய உறியறதெல்லாம் அங்க இருந்துதான், அதனால கட்டி சீக்கிரம் காயும், சுத்தி இருக்குற கலவைல வேரே இல்லாததால அது ஈரமாவே கிடக்கும். ஆளுங்க விரல விடுறது எங்க? தொட்டி ஓரத்துல, ஏன்னா அங்கதான் மெத்துனு இருக்கு! ஓரம் ஈரமா இருக்கு, ஊத்த வேண்டாம்னு விட்டுடுவாங்க, நடுவுல கட்டி காஞ்சு சுருங்கி ஓடு மாதிரி ஆயிடும், அப்புறம் எவ்ளோ ஊத்தினாலும் தண்ணி அந்தக் கட்டிய சுத்தி இருக்குற இடுக்கு வழியா கீழ ஓடிடும். இப்ப நிஜமாவே தாகத்துல செடி சாகுது, அடி ஓட்டைல தண்ணி வழியறத பாத்து "நல்லா நனைஞ்சிருச்சு"ன்னு நம்பிட்டு இருப்பாங்க.

ஆக "எங்க" பாக்கணும்ங்கிறதையும் எழுதணும். தண்டுக்கு ரெண்டு விரல் தள்ளி, கட்டிக்குள்ள. ஆனா காஞ்ச செம்மண்ணுக்குள்ள விரல் போகாது, அதனால கன்னோட ஒரு ஐஸ் குச்சியும் சேத்துக் கட்டிக் கொடுக்க ஆரம்பிச்சோம். ரெண்டு இஞ்ச் ஆழம் இறக்கி, பத்து நிமிஷம் விட்டு எடுத்தா, மரக்குச்சி ஈரத்த உறிஞ்சி நிறம் கருத்திருக்கும், மண்ணும் ஒட்டியிருக்கும், அப்படின்னா இன்னிக்கு தண்ணி வேணாம். வெளுப்பா, சுத்தமா வந்தா ஊத்தலாம். கட்டி ஏற்கனவே காஞ்சு சுருங்கியிருந்தா மேல இருந்து ஊத்தி பிரயோஜனம் இல்ல, தொட்டிய ஒரு வாளி தண்ணில அரை மணி நேரம் உக்கார வெச்சு எடுத்து வடிய விடணும்.

இந்த இடத்துல ஒண்ணு சொல்லிடறேன், தொட்டி அடில ஜல்லி போட்டா தண்ணி நல்லா வடியும்னு நிறைய போர்டுல எழுதியிருக்கும், அது வேலை செய்யாது. பொடி மண்ணுல இருக்குற தண்ணி, நல்லா ஊறி முட்டுற வரைக்கும் பெரிய இடுக்குக்கு இறங்காது, அதனால ஜல்லிக்கு மேல ஈரம் தேங்கி நிக்கும், வேருக்கு இருக்குற இடம்தான் குறையும்.

அடுத்தது இலை கொட்டுறது. நர்சரில கன்னு இருக்குறது பச்சை வலைக்கு அடில, வெயில்ல பாதிதான் உள்ள வரும். அந்த நிழல்ல விரிஞ்ச இலை மெல்லிசா, அகலமா இருக்கும், கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்த பிடிக்கிற மாதிரி அமைஞ்சது. அத நேரா மாடி வெயில்ல வெச்சா அந்த இலையால தாங்க முடியாது, வெளுக்கும், ஓரம் கருகும், கீழ இருக்குற பழைய இலைல சிலது மஞ்சளாகி விழும். விரிஞ்சு முடிஞ்ச இலை இனிமே பெருசா மாறாது, ஆனா அடுத்து வர்ற தளிர் வெயில்லயே விரியறதால தடிமனா வரும். அதாவது இது செடி இடம் மாறுறதுல நடக்குறது, நோய் இல்ல. ஆனா அட்டைல இது இல்லன்னா, வாங்குனவங்க பாக்குறது மஞ்ச இலைய மட்டும்தான், உடனே தண்ணி, உரம், மருந்துன்னு ஆளுக்கு ஒண்ணு ஊத்துவாங்க.

இத எழுதலாம்னு சொன்னதும் பெரியப்பா ஒத்துக்கவே இல்ல. "இலை கொட்டும்னு நாமளே எழுதி வெச்சா எவன்டா வாங்குவான்?" அவர் கேட்டது நியாயமான கேள்விதான், அட்டை வியாபாரத்துக்கும் சேத்துதான். அதனால கொட்டுறத மட்டும் சொல்லாம, அதுக்கு அடுத்து எத எதிர்பாக்கணும்ங்கிறதையும் அதே வரில சேத்தோம். இப்ப அட்டை இப்படி இருக்கு:

"குண்டுமல்லி. நேர் வெயில் 5, 6 மணி நேரம் வேணும். முதல் வாரம் காலை வெயில் மட்டும், அப்புறம் முழு வெயில். தண்டுக்கு ரெண்டு விரல் தள்ளி குச்சிய விட்டு எடுங்க, ஈரமா வந்தா தண்ணி வேணாம், காஞ்சு வந்தா அடில வழியற வரைக்கும் ஊத்துங்க. ரெண்டு வாரத்துல பழைய இலை சிலது விழும். கணுவுல பச்சை முளை தெரிஞ்சா செடி பிடிச்சிருச்சு."

கடைசி வரிய வாங்குறவங்க சத்தமா படிக்கிறத நானே கேட்டிருக்கேன். வீட்டுக்குப் போயி தினமும் கணுவத்தான் பாப்பாங்க, விழுந்த இலைய எண்ண மாட்டாங்க.

அட்டை வீட்டுக்குப் போகுது, ஆனா போர்டு கடையிலயே நிக்குது, அதனால போர்டுல தண்ணி பத்தி எழுதி பிரயோஜனம் இல்ல, வீட்ல போயி யாருக்கும் ஞாபகம் இருக்காது. வாங்குறதுக்கு முன்னாடி முடிவு பண்ண வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், வெயில். இதுல ஆளுங்க தப்பு பண்றது அவங்க குத்தம் இல்ல, கண்ணு அப்படி. உச்சி வெயில்ல வெளிய கிட்டத்தட்ட 1,00,000 லக்ஸ் வெளிச்சம், வீட்டுக்குள்ள ஹால்ல சில நூறு லக்ஸ்தான், ஆனா கண்ணு தன்ன சரி பண்ணிக்கிறதால "எங்க ஹால் நல்லா வெளிச்சமா இருக்குமே"ன்னு மனசார சொல்லுவாங்க. மல்லிக்கு அது ராத்திரி மாதிரி. வெயில் பத்தலன்னா தழைதழையா வளரும், பூ வராது, ஏன்னா புதுக் கிளை நுனில மொட்டு கட்ட நிறைய வெயில் வேணும்.

"பகுதி நிழல்", "நல்ல வெளிச்சம்"ங்கிற வார்த்தையெல்லாம் அதனால போர்டுல இருந்து எடுத்துட்டோம். பதிலா ஒரு கேள்வி: "செடி வெக்கிற இடத்துல உங்க கை நிழல் விளிம்பு தெளிவா விழுதா? எத்தனை மணி நேரம்?" விளிம்பு கூர்மையா விழுந்தா அது நேர் வெயில், மங்கலா இருந்தா வெறும் வெளிச்சம். அஞ்சு மணி நேரத்துக்கு மேலன்னா மல்லி, செம்பருத்தி பக்கம் அம்புக்குறி, அதுக்கு கம்மின்னா வேற வரிசை.

பால்கனி வெச்சிருக்கவங்களுக்கு தனியா ஒரு வரி தேவைப்பட்டுச்சு. தெற்கு பாத்த பால்கனிதான் வெயிலுக்கு நல்லதுன்னு வெளிநாட்டு தோட்டப் புத்தகத்துல இருந்து எடுத்து இங்கயும் சொல்லிட்டு இருக்காங்க. சென்னை 13 டிகிரி வடக்குல இருக்கு, அதனால ஏப்ரல் கடைசில இருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும் சூரியன் நம்ம தலைக்கு வடக்கால போகுது. அந்த மாசங்கள்ல தெற்கு பால்கனில நேர் வெயிலே விழாது, மார்கழில நிறைய விழும். மல்லி பூக்குற நேரம் கோடை. டிசம்பர்ல "இங்க நல்ல வெயிலுங்க"ன்னு பாத்து வாங்கி வெச்சவங்க மே மாசம் பூ இல்லன்னு வந்து நிப்பாங்க. போர்டுல இப்ப "தெற்கு பால்கனியா? மே மாசம் வெயில் வருமான்னு எங்ககிட்ட கேளுங்க"ன்னு இருக்கு, இத விட சுருக்கமா எழுத எனக்கு வரல.

எழுத்து சைஸ்ல பெயிண்டர்ங்க சொல்ற கணக்கு போதும், பத்து அடி தூரத்துக்கு ஒரு இஞ்ச் உயரம்.

அட்டைய எதுல எழுதறதுங்கிறதும் முக்கியம். முதல்ல மார்க்கர் பேனால எழுதுனோம், ஒரு கோடை தாண்டறதுக்குள்ள வெள்ளை அட்டைதான் மிஞ்சுச்சு, சாயம் வெயில்ல சிதைஞ்சு போயிடும், சிவப்பு எழுத்து இன்னும் சீக்கிரம். சொரசொரப்பான வெள்ளை பிளாஸ்டிக் அட்டைல சாதா பென்சில்ல எழுதுனது மழை வெயிலுக்கு அப்படியே நிக்குது, ஏன்னா பென்சில்ல இருக்குறது கிராஃபைட், வெறும் கார்பன், அத வெயில் ஒண்ணும் பண்ணாது.

அட்டைக்குப் பின்னாடி "வெச்ச தேதி"ன்னு ஒரு கோடு விட்டிருக்கோம், பில் போடும்போதே ஒரு துண்டுப் பென்சிலக் கொடுத்து எழுதச் சொல்லுவோம். பத்தாவது நாள் மஞ்ச இலையோட போட்டோ அனுப்பினா, குச்சி விட்டுப் பாத்துட்டு அப்படியே விடுங்கன்னு சொல்றோம். நாப்பதாவது நாள்னா, தொட்டிய கவுத்து வேர் நிறத்த பாக்கச் சொல்றோம்.