உறுத்துவதெல்லாம் மனசாட்சி இல்லை

கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுத்த பிறகு என்னிடம் அழைத்து வரப்படும் தன்பாலீர்ப்புள்ள இளைஞர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். உபவாச ஜெபம் இருந்து பார்த்தாயிற்று, விடுதலை ஜெபம் செய்து பார்த்தாயிற்று, இன்னும் 'சரியாகவில்லை'. அதற்குப் பிறகுதான் மனநல மருத்துவர் ஞாபகத்துக்கு வருகிறார். "அந்த நினைப்பு வராம இருக்க ஒரு மாத்திரை குடுங்க டாக்டர்" என்று அப்பா கேட்கிறார். தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் மகனுக்கு, அப்பாவைவிட அதிகமாக அந்த மாத்திரை வேண்டும். போன மாதமும் அப்படி ஒருவர் வந்தார். இதற்கு மேல் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அப்படி ஒரு மாத்திரை கிடையாது. தன்பாலீர்ப்பு நோயே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே அதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. மாற்றுகிறேன் என்று சிகிச்சை கொடுப்பதற்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் உத்தரவிட்டது. 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

என்னை உண்மையிலேயே வதைப்பது அடுத்து வரும் கேள்விதான். அப்பா வெளியே போனதும் மகன் கேட்பார்: "தப்பு இல்லைன்னா மனசாட்சி ஏன் டாக்டர் இப்படிக் குத்துது?"

கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மனசாட்சி உறுத்துகிறது என்றால் நாம் ஒருவருக்கு ஏதோ செய்திருப்போம். பொய் சொன்னோம், கடனை ஏமாற்றினோம், யாரையோ அழவைத்தோம். போய் மன்னிப்புக் கேட்டால், பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் உறுத்தல் தணியும். இந்தப் பிள்ளைகளுக்கு வருவது தன்னையே அருவருக்கும் கூச்சம், அதில் இது எதுவுமே இல்லை. செய்த காரியம் இல்லை, பாதிக்கப்பட்ட ஆள் இல்லை, செய்யக்கூடிய பரிகாரமும் இல்லை. யாருடைய விரலையும் தொடாத பிள்ளைகள் 'நான் அசுத்தம்' என்று அழுகிறார்கள். 'செய்தது தப்பு' என்று அவர்கள் சொல்வதில்லை, 'நானே தப்பு' என்கிறார்கள். சைவ வீட்டில் வளர்ந்தவருக்கு முட்டை வாசனையில் குமட்டும். குமட்டல் நிஜம்தான், அதற்காக முட்டை விஷமாகிவிடாது. பழக்கப்படுத்திய உடம்பு பழக்கப்படி நடந்துகொள்கிறது, அவ்வளவுதான்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். தென்மாவட்டத்துக் கடலோர ஊர், பெந்தெகொஸ்தே குடும்பம், தாத்தா பாஸ்டர். ஞாயிறு பள்ளியில், தன்பாலுறவுக்காகக் கடவுள் எரித்தார் என்று சொல்லப்படும் சோதோம் நகரத்தின் கதையைக் கேட்ட அதே வருஷம்தான் வகுப்பு நண்பன்மேல் ஏதோ ஈர்ப்பு இருப்பது அவருக்குப் புரிந்திருக்கிறது. அன்றிலிருந்து ஒரு டைரி. 'அந்த நினைப்பு' வந்த நாளுக்கெல்லாம் ஒரு பெருக்கல் குறி. வேலைக்குப் போன பிறகு டைரி கைப்பேசிக் காலண்டராக மாறியது, குறி மாறவில்லை. குறி போட்ட இரவில் வெறும் தரையில் முழங்கால் போட்டு ஜெபம், மறுநாள் ஒருவேளைப் பட்டினி. ஜெபித்ததும் கொஞ்ச நேரம் மனம் லேசாகும். பிறகு "இப்ப வருதா?" என்று தனக்குள்ளேயே தேடுவார். தேடினால் வராமல் இருக்குமா? பேருந்தில் ஒருவரைப் பார்த்த பார்வை ஒரு நொடி கூடிவிட்டதா என்பதுகூட அவருக்குக் கணக்கு.

அவருக்கு அறிவில் குறையே இல்லை. சட்டம், அறிவியல் எல்லாம் படித்திருந்தார். "எனக்குத் தெரியும் டாக்டர், உடம்புக்குத்தான் தெரியல" என்றார். தன்பாலுறவு குற்றமில்லை என்ற 377 தீர்ப்பைப் பற்றி ஒரு மணி நேரம் வகுப்பெடுத்துவிட்டு 'ஆலோசனை முடிந்தது' என்று அனுப்பிவைக்கும் சக தொழிலர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அதனால் வேதவசனத்திலிருந்து தொடங்காமல் காலண்டரிலிருந்து தொடங்கினோம். குறி போடுவதை நிறுத்துவது முதல் வேலை. கடவுள் கணக்கை மூடிவிட்டது போலப் பயந்தார். அடுத்து, கூச்சம் பொங்கும்போது முழங்கால் போடுவதைக் கால் மணி நேரம் தள்ளிப்போடுவது. ஜெபத்தில் கைவைக்கவில்லை, காலை ஜெபம் அப்படியே இருந்தது. தண்டனையாகச் செய்ததை மட்டும் தள்ளினோம். அந்தக் கால் மணி நேரத்தில் எழுத வேண்டும்: எப்போது வந்தது, உடம்பில் எங்கே பிடிக்கிறது, உள்ளே பேசுவது யார் குரல். பல வாரம் எழுதிய பிறகு, இவ்வளவு காலம் கர்த்தரின் குரல் என்று நினைத்தது ஞாயிறு பள்ளி அக்காவின் குரல் என்பது அவருக்கே பிடிபட்டது, இழுத்துப் பேசும் ராகம் உட்பட.

அப்புறம்தான் வாய்விட்டுச் சொல்வது. "எனக்கு ஆண்களைப் பிடிக்கும்." என் அறையில், கதவு மூடியிருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டுச் சொன்னார். வாரா வாரம் சொல்லச் சொல்ல அது சாதாரண வாக்கியமாகத் தேய்ந்தது. பிறகு வெளியே ஒரே ஒருவரிடம். சித்தி மகளைத் தேர்ந்தெடுத்தார். அந்த அக்கா, "சரிடா. சாப்பிட்டியா?" என்றாராம்.

அன்று ராத்திரிதான் அவருக்கு இருந்ததிலேயே மோசமான ராத்திரி. வாந்தி, நடுக்கம். மறுநாள் மாடிப்படியில் கால் பிசகியதும் தண்டனை வந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார். இது பலருக்கும் நடக்கிறது. நல்லது நடந்த மறுநாள் கூச்சம் இரண்டு மடங்காகத் திரும்பி வரும். சிகிச்சை தருபவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால் ஆள் அடுத்த முறை வரமாட்டார். கூச்சம் வருகிறதா என்று பார்த்து முன்னேற்றத்தை அளக்காதீர்கள், எவ்வளவு நேரம் தங்குகிறது என்று பாருங்கள். அவருக்கு இரண்டு மூன்று நாள் நீடித்தது ஒரு சாயங்காலமாகச் சுருங்கவே ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

வசனம் பிறகு தானாக வந்தது. சோதோமின் அக்கிரமம் கர்வமும், வயிறு நிறைந்திருந்தும் எளியவருக்குக் கைகொடுக்காததும் என்று எசேக்கியேல் 16:49 சொல்வதை அவரே கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். சந்தோஷம்தான். ஆனால் தினமும் ராத்திரி புது ஆதாரம் தேட ஆரம்பித்தபோது நிறுத்தச் சொன்னேன். அதுவும் பழைய காலண்டர் வேலைதான், வேறு உருவத்தில்.

'மதத்தையே விட்டுடு, எல்லாம் சரியாயிடும்' என்று அறிவுரை சொல்லும் நண்பர்களே, தயவுசெய்து நிறுத்துங்கள். சபையை விட்டுப் பல வருஷமான பிறகும் அதே கூச்சத்தோடு வருபவர்களை நான் பார்க்கிறேன். இவருக்குப் பாமாலை என்றால் அம்மாவின் குரல். பழைய சபையை விட்டுவிட்டார், வேறொரு தேவாலயத்தில் கடைசி பெஞ்சில் உட்காருகிறார். விடுவதும் இருப்பதும் அவரவர் பாடு, கூச்சம் கொந்தளிக்கும் நாளில் மட்டும் அந்த முடிவை எடுக்க வேண்டாம்.

மாற்றிக் காட்டுகிறேன் என்று யார் சொன்னாலும், பாஸ்டரோ டாக்டரோ, எழுந்து வந்துவிடுங்கள். வீட்டுச் சாப்பாட்டிலும் வீட்டுப் பணத்திலும் இருக்கிறீர்களா? நிம்மதி வந்த வேகத்தில் வீட்டில் சொல்லிவிடாதீர்கள். சான்றிதழ்கள் கையில் இருக்கட்டும், வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும், போய்த் தங்க ஓர் இடம் இருக்கட்டும். கல்யாணம் செய்தால் சரியாகிவிடும் என்று நம்பும் பெற்றோரே, அந்தப் பெண்ணை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். உங்கள் பிள்ளையின் கூச்சத்தை ஆயுசுக்கும் சுமக்க அவள் என்ன செய்தாள்? கல்யாணத் தேதி நெருங்க நெருங்கப் பிள்ளை பேச்சைக் குறைத்தால், தூங்காவிட்டால், தனக்குப் பிடித்த பொருளை யாருக்காவது கொடுத்துவிட்டால், மண்டப வேலையை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். சாக வேண்டும் என்ற நினைப்பு இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த நினைப்பு புதிதாக வந்துவிடாது. அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.